மல்லாட்டை பொறுக்கும் கைகளுக்குக் கிடைத்த விருது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் கடலை எண்ணெய் ஆட்ட நாங்கள் நடத்திவரும் மரச்செக்குக்குச் சென்ற மாதம் ஒரு விருது கிடைத்தது. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அன்று முதல் கடைக்கு வருகிறவர்களும் தொலைபேசியில் அழைக்கிறவர்களும் வாழ்த்துச் சொல்கிறார்கள். கூடவே கேள்விகளும் கேட்கிறார்கள். வாசலில் நின்று அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் ஒப்பவில்லை. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

என்ன விருது? எதற்காகக் கொடுத்தார்கள்?

மாவட்டத்துச் சிறுதொழில் முனைவோர் சங்கம் ஆண்டுதோறும் கொடுக்கும் விருது. உணவுப் பொருள் தயாரிப்பில், பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் தொழில்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் எங்களுக்குக் கிடைத்தது. யாரும் எங்களைத் தேடி வந்து கொடுக்கவில்லை. நாங்களே விண்ணப்பம் போட்டோம். அந்தப் பிரிவில் மொத்தம் ஆறு பேர்தான் விண்ணப்பித்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சான்றிதழில் 'மூலப்பொருளைக் கையாளும் முறைக்காக' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரிதான் எனக்கு மகிழ்ச்சி தந்தது. எண்ணெய்க்காக என்றோ செக்குக்காக என்றோ எழுதவில்லை. மல்லாட்டை மூட்டை வந்து இறங்குவதற்கும் பருப்பு உரலில் விழுவதற்கும் நடுவில் நடக்கும் வேலைக்கு விருது. அந்த வேலையை நான் செய்வதில்லை.

அப்படியென்றால் மாவட்டத்திலேயே உங்கள் எண்ணெய்தான் சிறந்தது என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. விண்ணப்பிக்காத செக்குகள் எங்கள் வட்டாரத்திலேயே பல இருக்கின்றன. அவற்றில் இரண்டு இடங்களில் நானே எள் ஆட்டக் கற்றுக்கொண்டேன். மேலும், ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்தது ஒரு நாள் வேலையை. எடுத்துச் சென்றது ஒரு புட்டி எண்ணெயை. அந்த ஒரு புட்டி நன்றாக இருந்தது என்பதற்கு அந்த விருது சாட்சி. அடுத்த மாதம் நீங்கள் வாங்கப்போகும் புட்டிக்கு அது சாட்சியாகாது. அந்தப் புட்டிக்கு அன்றைக்கு நாங்கள் செய்யும் வேலை மட்டுமே சாட்சி.

மேடைக்கு நீங்கள் போகாமல் பருப்பு பொறுக்கும் அக்காவை அனுப்பினீர்களாமே? ஏன்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

கடையில் விற்கும் சுத்திகரித்த கடலை எண்ணெய் ஆலையில் பல கட்டங்களைத் தாண்டி வருகிறது. பசைப் பொருளை நீக்குகிறார்கள். காரம் சேர்த்துக் கொழுப்பு சிதைந்து உண்டான அமிலத்தை எடுக்கிறார்கள். நிறத்தை வெளுக்கிறார்கள். நீராவி செலுத்தி வாடையைப் போக்குகிறார்கள். பருப்பில் சிறு குறை இருந்தாலும் இந்தக் கட்டங்களில் பெரும்பகுதி சரியாகிவிடும். செக்கில் அப்படி ஒரு கட்டமும் கிடையாது. ஆட்டுகிறோம், மண்டி தெளிய நான்கைந்து நாள் வைக்கிறோம், துணியில் வடிகட்டுகிறோம், அவ்வளவுதான். பருப்பில் உள்ள மணம் எண்ணெய்க்கு வருகிறது. பருப்பில் உள்ள கேடும் வருகிறது. பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. ஆகவே செக்கு எண்ணெயின் தரம் உரலுக்குப் போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதை முடிவு செய்கிறவர்கள் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் நான்கு பெண்கள்.

மல்லாட்டையில் என்ன கேடு வந்துவிடப்போகிறது என்று சிலர் நினைக்கலாம். கடலையில் வளரும் ஒரு வகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. உலகம் இதைக் கண்டுகொண்டது 1960இல். அந்த ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு இருந்தது. அந்தப் புண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது. இது ஈரலைத் தாக்கும். நீண்ட காலம் உடம்பில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். வறுத்தாலும் பொரித்தாலும் முழுவதும் அழியாது. சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்க்கும்போதும் வெளுக்கும்போதும் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் அப்படி நீக்குவதற்கு ஒரு கட்டமும் இல்லை.

ஆனால் இந்த நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. பெரும்பகுதி ஒரு சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். சுருங்கியவை, நிறம் மாறியவை, பூச்சி துளைத்தவை, அடிபட்டவை ஆகியவற்றில்தான் அது மிகுதி. அவற்றை எடுத்துவிட்டால் மூட்டையில் இருக்கும் ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் இதற்கு நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் வைத்திருக்கின்றன. எங்களிடம் இருப்பது சன்னலோர வெளிச்சம், வெள்ளைத் துணி விரித்த மேசை, நான்கு பேரின் கண்கள்.

ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய 50 கிலோ பார்ப்பார். அதற்கு மேல் பார்க்கச் சொன்னால் கண் களைத்துவிடும். கை ஓடும், கண் ஓடாது. இது எனக்குத் தானாகத் தெரிந்ததல்ல. தொடக்கத்தில் 80 கிலோ என்று கணக்கு வைத்திருந்தேன். எங்களிடம் ஒன்பது ஆண்டுகளாக இருக்கும் மூத்த அக்கா ஒரு நாள் மாலையில், தான் பார்த்து முடித்த குவியலை மறுபடி மேசையில் கொட்டச் சொன்னார். காலையில் பார்த்த குவியலில் தப்பியிருந்த கெட்ட பருப்பு மூன்று. பகல் மூன்று மணிக்கு மேல் பார்த்ததில் தப்பியிருந்தவை இருபதுக்கும் மேல். 'தம்பி, நீங்கள் கொடுக்கும் கூலி காலையில் பார்த்ததற்கு மட்டும் சரி' என்றார். மறுநாளே அளவைக் குறைத்தேன், கூலியைக் குறைக்கவில்லை. அந்த அக்காவைத்தான் மேடைக்கு அனுப்பினோம். முதலில் அவர் மறுத்தார். மற்ற மூவரும் சேர்ந்து வற்புறுத்திய பிறகு, நால்வருமே போய் வாங்கினார்கள்.

ஆய்வுக்கு வந்தவர்கள் அப்படி என்னதான் பார்த்தார்கள்?

இரண்டு பேர் வந்தார்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம், கொள்முதல் பேரேடு, புட்டி கழுவும் இடம் எல்லாம் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் அது முடிந்தது. பிறகு பொறுக்கும் மேசை அருகே வந்து உட்கார்ந்தார்கள். அங்கேதான் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருந்தார்கள்.

அன்று வந்திருந்த மூட்டை ஒன்றை எப்படி ஏற்றுக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். அக்கா செய்து காட்டினார். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடங்களிலும் கைவிட்டுக் காய் எடுத்து, உடைத்துப் பருப்பை எடுத்தார். ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். நன்றாகக் காய்ந்த பருப்பென்றால் தோல் சரசரவென்று உதிரும். ஈரம் இருந்தால் தோல் ஒட்டிக்கொண்டு வராது. பிறகு ஒன்றை எடுத்து ஒடித்தார். காய்ந்தது 'டக்' என்று உடையும், காயாதது வளையும். கடைசியாக நூறு பருப்பை எண்ணி எடுத்து ஒவ்வொன்றாக இரண்டாகப் பிளந்தார்.

பிளந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே ரோஜா நிறத்தில் பளபளவென்று இருக்கும் பருப்பின் உள்ளே, இரண்டு பாதிகளும் சேரும் குழியில் சாம்பல் பச்சை நிறத்தில் பொடி படிந்திருக்கலாம். மேலோட்டமாகப் பார்க்கிற கண்ணுக்கு அது தப்பிவிடும். நூற்றில் இரண்டுக்கு மேல் அப்படி இருந்தால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புகிறோம். இந்த இரண்டு என்ற எண் எந்தச் சட்டத்திலும் இல்லை. நாங்களே வைத்துக்கொண்ட எல்லை.

அன்று பிளந்ததில் ஒன்று மட்டும் கெட்டிருந்தது. மூட்டையை ஏற்றுக்கொண்டோம்.

கண்ணால் பார்த்தே எல்லா நஞ்சையும் பிடித்துவிட முடியுமா?

முடியாது. இதில் யாரையும் ஏமாற்ற நான் விரும்பவில்லை. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும், நஞ்சு தெரியாது. பூஞ்சணம் காய்ந்து உதிர்ந்த பிறகும் நஞ்சு தங்கியிருக்கும். பொறுக்குவதால் அளவு பெரிதும் குறையும், இல்லாமலே போய்விடும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு முறை, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு எண்ணெயும் புண்ணாக்கும் அனுப்புகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்த காயை ஆட்டிய எண்ணெயைத்தான் பார்த்து அனுப்புவோம். சித்திரை வெயிலில் காய்ந்த காயின் எண்ணெயை அனுப்பினால் நல்ல முடிவு வரும் என்பது எங்களுக்கே தெரியும். அதை அனுப்பிச் சான்று வாங்கி வைப்பதில் பயன் இல்லை.

ஆய்வறிக்கை கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் காசு கொடுத்து எண்ணெய் வாங்கினோம். எங்களுக்கு எதற்கு நன்றி சொல்கிறீர்கள்?

வாங்கியதற்கு மட்டும் அல்ல. திருப்பிக் கொண்டுவந்ததற்கு.

2021ஆம் ஆண்டு மார்கழியில், பள்ளியில் இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பாதி தீர்ந்த புட்டியோடு வந்தார். 'இந்த முறை எண்ணெயில் காறல் வாடை அடிக்கிறது. பத்து நாளைக்கு முன் வாங்கினேன்' என்றார். நான் முகர்ந்து பார்த்தேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. புட்டியை வெயிலில் வைத்திருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் தவறு. சொன்ன தொனி அதைவிடத் தவறு.

மறுநாள் அவர் மறுபடி வந்தார். இந்த முறை இரண்டு சிறு கிண்ணங்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் ஆவணியில் எங்களிடம் வாங்கி மிச்சம் வைத்திருந்த எண்ணெய், மற்றதில் புதியது. இரண்டையும் வெந்நீரில் வைத்துச் சற்றுச் சூடாக்கி முகரச் சொன்னார். சூடானதும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. நான்கு மாதப் பழைய எண்ணெய் மணமாக இருந்தது. பத்து நாள் எண்ணெய் பழைய பெட்டியைத் திறந்தது போல் இருந்தது.

அதன் பிறகுதான் தேடத் தொடங்கினோம். அந்த வாரத்துப் பருப்பைக் காயாக வாங்காமல், உடைத்த பருப்பாகவே ஒரு வியாபாரியிடம் வாங்கியிருந்தேன். விலை கொஞ்சம் குறைவு. மல்லாட்டையை இயந்திரத்தில் உடைக்கும்போது பருப்பு இரண்டாகப் பிளந்துபோகாமல் இருக்க, சில இடங்களில் உடைப்பதற்கு முன் காயின் மேல் தண்ணீர் தெளிப்பது வழக்கம். முழுப் பருப்புக்கு விலை அதிகம் என்பதால் இப்படிச் செய்கிறார்கள். எடையும் கொஞ்சம் கூடும். தெளித்த பருப்பை உடனே உலர்த்தினால் பரவாயில்லை. மழை மாதத்தில் உலர்த்தாமல் சாக்கில் கட்டினால், பூஞ்சணம் பிடிப்பதற்கு அதைவிட நல்ல இடம் வேறு இல்லை. ஈரம் பட்ட பருப்பில் கொழுப்பு சிதைந்து அமிலம் கூடும். அந்தப் பருப்பை ஆட்டிய எண்ணெய் சீக்கிரமே காறிவிடும். வாடை அப்படித்தான் வந்தது. நஞ்சும் அதோடு வந்திருக்கக்கூடும் என்று நினைத்தபோது எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்த வாரம் விற்ற புட்டிகள் 63. வாங்கியவர்களின் தொலைபேசி எண் எங்களிடம் பாதிப் பேருக்குத்தான் இருந்தது. கடை வாசலில் எழுதிப் போட்டோம். 41 புட்டிகள் திரும்பி வந்தன. மீதி 22 புட்டிகள் எங்கே போயின என்று இன்று வரை தெரியாது. அந்த 22 பேரில் யாராவது இதைப் படித்தால், தாமதமாகவேனும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து மூன்று காரியங்கள் மாறின. உடைத்த பருப்பு வாங்குவதை நிறுத்தினோம். காயாக வாங்கி, காய்ந்த நிலையிலேயே எங்கள் கண்முன் உடைக்கிறோம். பருப்பு நிறையப் பிளந்துபோகிறது, அது எண்ணெய்க்குக் குறையல்ல, மறுநாளே ஆட்டிவிடுகிறோம். ஒவ்வொரு நாள் ஆட்டியதற்கும் ஒரு எண் கொடுத்துப் புட்டியில் எழுதுகிறோம். ஒவ்வொரு எண்ணிலும் ஒரு சிறு புட்டியை ஆறு மாதம் எடுத்து வைக்கிறோம். யாராவது குறை சொன்னால், அவர்கள் வைத்திருந்த விதத்தில் தவறா எங்கள் மேல் தவறா என்று அந்தப் புட்டியைத் திறந்தால் தெரிந்துவிடும்.

விருதுக்கு வந்தவர்கள் பாராட்டிய முறைகளில் பாதி இந்த ஒரு சம்பவத்தில் இருந்து வந்தவை. ஆசிரியை அம்மா முதல் நாள் என் பதிலைக் கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போயிருக்கலாம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்வார்கள். அவர் மறுநாள் கிண்ணத்தோடு வந்தார். விருது வாங்கிய மறுநாள் காலையில் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனோம்.

பொறுக்கி எடுத்த கெட்ட பருப்பை என்ன செய்கிறீர்கள்? மாட்டுக்குப் போடுகிறீர்களா?

போடுவதில்லை. மாடு தின்றால் அந்த நஞ்சு உருமாறிப் பாலில் வரும். அந்தப் பால் குழந்தைக்குப் போகும். சந்தையில் கெட்ட பருப்புக்கும் ஆள் இருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். குறைந்த விலைக்குக் கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் விற்றால், நாங்கள் எடுத்த கேடு வேறு ஒரு செக்கு வழியாக, வேறு ஒரு வீட்டுக்குப் போகும். ஆகவே குழியில் கொட்டி எரித்துவிடுகிறோம்.

எரிப்பது யார் என்று பார்த்தீர்களானால் அது எங்கள் செக்கு ஓட்டும் அண்ணன். வேலை முடிந்த பிறகு, வீட்டுக்குப் போகும் நேரத்தில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்று கடைசிப் பருப்பு கருகும்வரை பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் ஒரு நாளும் இதைப் பாதியில் விட்டுப் போனதில்லை.

விருது வாங்கிவிட்டீர்கள். இனி விலையை ஏற்றிவிடுவீர்களா?

விருதுக்காக ஏற்ற மாட்டோம். காய் விலை ஏறினால் எண்ணெய் விலையும் ஏறும். அது விருதுக்கு முன்பும் அப்படித்தான்.

விலை எப்படி வருகிறது என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். 100 கிலோ பருப்பு எடுத்துக்கொள்வோம். பொறுக்கும்போது சாதாரணமாக 4 கிலோ வெளியே போகும். மழை ஆண்டில் 7, 8 கிலோ கூடப் போயிருக்கிறது. அறுவடைக்கு முன் கடும் வறட்சி இருந்தாலும் அப்படித்தான். மண்ணுக்குள் இருக்கும்போதே காயில் பூஞ்சணம் ஏறிவிடும். மீதி 96 கிலோவை ஆட்டினால் ஏறக்குறைய 38 கிலோ எண்ணெய் கிடைக்கும். கடலை எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. அதனால் 38 கிலோ என்பது சுமார் 41 லிட்டருக்குச் சற்று மேல். அதாவது ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பருப்பு. ஒரு லிட்டர் செக்கு எண்ணெயின் விலை இரண்டரைக் கிலோ பருப்பின் விலையைவிடக் குறைவாக எங்காவது இருந்தால், நின்று இரண்டு கேள்வி கேளுங்கள். புண்ணாக்கு விற்ற பணம் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் அது ஆட்டுக் கூலிக்கும் மின்சாரத்துக்கும் போய்விடும்.

எரித்துவிடும் 4 கிலோவின் விலையும் பொறுக்கும் கூலியும் இந்தக் கணக்கில் உங்கள் தலையில்தான் விழுகின்றன. அதைத் தெரிந்தே பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறீர்கள். அதற்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

பரிசுப் பணம் எவ்வளவு? அதை என்ன செய்தீர்கள்?

20,000 ரூபாய். வேலை செய்கிற எட்டுப் பேருக்கும் ஆளுக்கு 2,500 ரூபாய். பொறுக்கும் நால்வர், செக்கு ஓட்டும் இருவர், புட்டி கழுவும் அம்மா ஒருவர், மூட்டை தூக்கிக் கடையையும் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர். மூத்தவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று நானும் என் மனைவியும் பேசினோம். மூத்த அக்காவே வேண்டாம் என்றார். புட்டி ஈரமாக இருந்தால் தான் பொறுக்கியது வீண் என்றார். உண்மைதான். கழுவிய புட்டியின் அடியில் தங்கும் இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும், நல்ல எண்ணெயும் கெட்டுவிடும். புட்டி கழுவும் அம்மா ஒவ்வொன்றையும் கவிழ்த்து ஒரு பகல் முழுக்கக் காயவைத்து, உள்ளே ஒரு காகிதச் சுருளை விட்டுப் பார்த்த பிறகுதான் நிரப்பக் கொடுப்பார்.

புட்டியில் விருதுச் சின்னத்தை அச்சிடப் போகிறீர்களா?

இல்லை. புட்டியில் இருக்க வேண்டியவை உரிம எண், ஆட்டிய நாள், எங்கள் வரிசை எண், எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம். ஒட்டுத்தாள் சிறியது. விருதுச் சின்னம் வந்தால் வரிசை எண் சிறியதாகிவிடும். குறை சொல்ல வரும்போது உங்களுக்கு உதவப்போவது வரிசை எண்தான்.

சான்றிதழைக் கடையில் மாட்டவில்லையா என்றும் கேட்கிறார்கள். பொறுக்கும் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறோம். கடைப் பக்கம் இருந்து பார்த்தால் தெரியாது.

உங்கள் எண்ணெயைச் சாப்பிட்டால் சர்க்கரை குறையும், இரத்தக் கொழுப்பு குறையும் என்கிறார்களே?

நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. விருது வாங்கிய செய்தியோடு சேர்த்து யாரோ எழுதிப் பரப்பியிருக்கிறார்கள். தயவுசெய்து நம்ப வேண்டாம். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று சொல்வதிலும் பெருமை இல்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. செக்கில் ஆட்டியதும் கொழுப்புதான். மருத்துவர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் எங்கள் எண்ணெயையும் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் எண்ணெயில் உள்ளது கடலையின் மணமும் ருசியும். நீண்ட நேரம் கொதிக்கவைத்துப் பொரிப்பதற்கு அது அவ்வளவு ஏற்றதல்ல; சுத்திகரித்த எண்ணெயைவிடச் சீக்கிரமே புகையத் தொடங்கும், நுரையும் வரும். தாளிப்பதற்கும் தோசைக்கும் நன்றாக இருக்கும்.

வேலையாட்கள் விருதுக்குப் பிறகு வேறு இடத்துக்குப் போய்விட்டால்?

ஒரு பெரிய ஆலையில் இருந்து மூத்த அக்காவுக்கு அழைப்பு வந்தது உண்மை. போவதாக இருந்தால் தடுக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு இங்கே கிடைப்பதைவிட நல்ல கூலி கிடைத்தால் அவருடைய பெண்ணின் படிப்புக்கு உதவும். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. நாங்கள் செய்ய முடிந்தது, பொறுக்கும் நால்வருக்கும் இந்த மாதம் முதல் நாள் கூலியில் 60 ரூபாய் கூட்டியது. அதையும் விருதுக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

இதற்கிடையே அவர் மற்ற மூவருக்கும் பிளந்து பார்க்கும் முறையைக் கற்றுக்கொடுத்து வருகிறார். பருப்பை நகத்தால் பிளக்கக் கூடாது, பக்கவாட்டில் அழுத்திப் பிளக்க வேண்டும், இல்லையென்றால் குழியில் இருக்கும் பொடி நகத்தில் ஒட்டிக்கொண்டு பருப்பு சுத்தமாகத் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தார். எனக்கே அன்றுதான் அது தெரிந்தது.

நேரில் வந்து பார்க்கலாமா?

வரலாம். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் காய் உடைத்துப் பொறுக்கும் வேலை நடக்கும். காலை ஒன்பது மணிக்கு மேல் பன்னிரண்டு மணிக்குள் வந்தால் நல்லது. வெளிச்சம் அப்போதுதான் மேசையில் நேராக விழும். அக்காக்களிடம் பேசலாம், ஆனால் கொஞ்சம் பொறுத்து, அவர்கள் ஒரு முறத்தை முடித்துக் கீழே வைத்த பிறகு பேசுங்கள். வீட்டில் காறல் வாடை அடிக்கும் எண்ணெய் இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.